52-க்கு 44: உயிரியல் வயது என்று ஓர் எண்

என் சித்தப்பாவுக்கும் அவருடைய பள்ளித் தோழர் ஒருவருக்கும் ஒரே பிறந்த தேதி. இரண்டு பேருக்குமே ஜூன் 1. காரணம் சாதாரணமானது. பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வைத்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்ட காலம் அது. சான்றிதழ்படி இருவரும் இப்போது 74. சித்தப்பா இன்னமும் சைக்கிளில் ரேஷன் கடைக்குப் போய் வருகிறார். தோழருக்கு வாசற்படி இறங்கக்கூட ஆள் வேண்டும். "ஒரே வயசுதானே, எப்படி இப்படி?"ன்னு வீட்டில் அடிக்கடி கேட்பார்கள். ஒரே வயசுதானா என்பதே எனக்குச் சந்தேகம். நாள்காட்டி வயது ஒன்றுதான் உறுதியான எண் என்று நினைக்கிறோம், நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அதுவே உத்தேசம்தான்.

இந்தக் குறிப்பை எழுத வைத்தது சித்தப்பா இல்லை, ஒரு நண்பன். 52 வயது. எச்சில் மாதிரியை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி, 'உங்கள் உயிரியல் வயது 44' என்று அறிக்கை வாங்கி வைத்திருக்கிறான். அதே மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.9. சர்க்கரை நோய் என்று சொல்ல 6.5 போதும். டாக்டர் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார். இவனோ, "உடம்பு 44-லதான் இருக்கு, கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்கிறான். அந்த 44 எங்கிருந்து வருகிறது, அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் இது.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் நடப்பது. 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அங்கே பிறந்த 1,037 பேரைச் சிறுவயது முதல் இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். குறிப்பிட்ட வயதுகளில் எல்லோரையும் கூப்பிட்டு, ரத்தம், நுரையீரல், பல் ஈறு, இடுப்புச் சுற்றளவு என்று அளக்கிறார்கள். வெளிநாடு போனவர்களையும் விமானச் செலவு கொடுத்து வரவழைக்கிறார்கள். இதன் அருமை எளிமையானது. நாள்காட்டி வயது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று, அதுவும் மருத்துவமனைப் பதிவில் உள்ள உண்மையான தேதி. ஆகவே இவர்களுக்குள் எந்த வித்தியாசம் தெரிந்தாலும் 'அவர் மூத்தவர்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2015-ல் டேனியல் பெல்ஸ்கியும் டெர்ரி மாஃபிட்டும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், 38 வயதான இவர்களின் உயிரியல் வயது 28-லிருந்து 61 வரை விரிந்து கிடந்தது என்று வந்தது. பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. 38 வயதுக்காரருக்கு 61 வயது உடம்பு! ஆனால் அதே கட்டுரையில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. அந்தப் பரவலின் திட்ட விலக்கம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதாவது மூன்றில் இரண்டு பங்குப் பேர் 35-க்கும் 41-க்கும் நடுவில்தான் இருந்தார்கள். 28-ம் 61-ம் ஓரத்து ஆட்கள். ஒரு வகுப்பில் மிகக் குட்டையானவனையும் மிக நெட்டையானவனையும் மட்டும் நிற்க வைத்துப் படம் எடுத்த மாதிரி. கட்டுரையில் தப்பில்லை, அதைப் படித்த விதத்தில் தப்பு.

சரி, 61 என்பதை எப்படிக் கணக்குப் போட்டார்கள்? பத்து அளவுகள். மூன்று மாதச் சர்க்கரை, மேல் ரத்த அழுத்தம், மொத்தக் கொலஸ்ட்ரால், கிரியேட்டினின், யூரியா, அல்புமின், அழற்சியைக் காட்டும் ஒரு புரதம், ஒரு கல்லீரல் நொதி, ஒரு வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள், நுரையீரல் ஊதுதிறன். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களிடம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், இந்த ஒவ்வொன்றும் வயது ஏற ஏற எப்படி மாறுகிறது என்று ஒரு கோடு கிடைக்கும். உங்கள் பத்து எண்களையும் அந்தப் பத்துக் கோடுகளின் மேல் வைத்து, எல்லாமாகச் சேர்ந்து எந்த வயதுக்கு அதிகம் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். அந்த வயதுதான் உங்கள் 'உயிரியல் வயது'. ஆக, 61 என்றால் 'உங்கள் செல்களுக்கு 61 வயசு' என்று அர்த்தம் இல்லை. 'இந்த எண்கள் சராசரி அமெரிக்கருக்கு 61-ல் வரும்' என்று மட்டும் அர்த்தம். உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் இருந்து அதை யாரோ திறந்து பார்த்தது கிடையாது.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு பொறியை நுரையீரலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். மூச்சை இழுத்துப் பலமாக ஊதினால் முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பது ஓர் அளவு. பெரியவர்களுக்கு இது வருடத்துக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறையும். இப்போது இரண்டு பேர், இருவருக்கும் 40 வயது, ஒரே உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 3.8 லிட்டர் ஊதுகிறார், மற்றவர் 3.2 லிட்டர். வித்தியாசம் 600 மில்லி. வருடத்துக்கு 30 என்றால் இது இருபது வருட வித்தியாசம். இந்த ஓர் அளவை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் இருபது வருடம் மூத்துவிட்டார் என்று சொல்லிவிடுவோம்.

ஆனால் அவர் மூத்தாரா? சின்ன வயதில் சரியான சாப்பாடு இல்லாமல், விறகடுப்புப் புகையில் வளர்ந்து, இருபது வயதிலேயே அவருடைய நுரையீரல் எட்டிய உச்சமே 600 மில்லி குறைவாக இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு மற்றவரைப் போலவே வருடத்துக்கு 30 என்றுதான் குறைந்திருக்கலாம். அப்படியென்றால் அவர் வேகமாக மூக்கவில்லை, தாழ்ந்த இடத்திலிருந்து இறங்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். இல்லை, இருபதில் இருவரும் சமமாக இருந்து, இவர் பீடி பிடித்து இரண்டு மடங்கு வேகத்தில் இழந்திருக்கவும் கூடும். இரண்டு கதைக்கும் 40-ல் கிடைக்கும் எண் ஒன்றே. ஒருமுறை அளந்து இதைப் பிரித்தறியவே முடியாது.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். தெற்காசியர்களின் நுரையீரல் அளவுகள், அதே வயது அதே உயரம் உள்ள ஐரோப்பியரைவிடச் சராசரியாகக் குறைவு. சர்க்கரை நோயும் நமக்குப் பத்து வருடம் போல முன்கூட்டியே வருகிறது. அமெரிக்கக் கோட்டின் மேல் நம் எண்களை வைத்தால், முதல் விஷயத்தில் காரணமில்லாமல் கிழவர்களாகத் தெரிவோம். இரண்டாவதிலோ உண்மையான ஆபத்துதான் தெரிகிறது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கி ஓர் எண்ணாக எடுத்தால் எது எது என்று யாருக்குத் தெரியும்?

டனீடின் குழுவுக்கு இந்தப் பொறி தெரிந்திருந்தது. அவர்களின் உண்மையான பங்களிப்பு என்று நான் நினைப்பது அந்த 61 இல்லை, அதே கட்டுரையில் அடுத்து வரும் பகுதிதான். 26, 32, 38 ஆகிய மூன்று வயதுகளில் அதே ஆட்களிடம் 18 அளவுகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அவை எந்தச் சரிவில் மோசமாகின்றன என்று பார்த்தார்கள். தாழ்ந்த இடத்தில் தொடங்கியவர் இங்கே தண்டிக்கப்படுவதில்லை, இறங்கும் வேகம் மட்டும்தான் கணக்கு. குழுவின் சராசரி வேகத்தை 'வருடத்துக்கு ஒரு வருடம்' என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு 45 வயது அளவையும் சேர்த்து 2021-ல் வெளியிட்டதில், மிக மெதுவானவருக்கு 0.40, மிக வேகமானவருக்கு 2.44. 26-லிருந்து 45 வரை நாள்காட்டியில் 19 வருடம். முதலாமவருக்கு அந்தக் கணக்கில் எட்டு வருடம்கூட ஓடவில்லை, இரண்டாமவருக்கு 46 வருடம் ஓடிவிட்டது. (இதுவும் அந்தக் குழுவின் சராசரியை அளவுகோலாக வைத்துச் சொல்வது. 0.40 என்றால் அவர் 180 வயது வரை இருப்பார் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

இந்த வேகம் வெறும் ரத்த எண்களின் விளையாட்டு இல்லை என்பதற்கு அவர்கள் காட்டும் சாட்சி எனக்குப் பிடித்தது. வேகமாக மூத்தவர்கள் 45 வயதிலேயே மெதுவாக நடந்தார்கள், நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கினார்கள். முகப் புகைப்படங்களை, இவர்களைப் பற்றி எதுவும் தெரியாதவர்களிடம் காட்டி வயது கேட்டபோது கூடுதலாகச் சொன்னார்கள். நம் ஊரில் கல்யாண வீட்டில் பார்த்தவுடன் "ஆள் தளர்ந்துட்டாரே"ன்னு சொல்வோமே, அது முழுக்க வெட்டிப் பேச்சு இல்லை போலிருக்கிறது. டென்மார்க்கில் 70 வயது தாண்டிய 1,826 இரட்டையர்களின் படங்களை வைத்துச் செய்த இன்னோர் ஆய்விலும், ஜோடியில் யார் மூத்தவராகத் தெரிந்தாரோ பெரும்பாலும் அவரே முதலில் இறந்தார். ஒரே தாய் வயிற்றில் ஒரே சமயத்தில் இருந்து வந்தவர்களுக்கே இப்படி என்றால், வித்தியாசத்தை ஜாதகத்தின் மேலோ மரபணுவின் மேலோ மட்டும் போட முடியாது. ஆயுள் வித்தியாசத்தில் மரபின் பங்கு கால்வாசி அளவுதான் என்று அதே டென்மார்க்கின் பழைய இரட்டையர் பதிவேடுகளும் சொல்லியிருந்தன.

அப்போ மீதி எங்கே? டனீடின் குழு திரும்பித் தன் பழைய கோப்புகளைப் புரட்டியது. பெரியவர்களான பிறகு ஞாபகத்தை வைத்துச் சொன்ன கதைகளை மட்டும் நம்பி இருக்கவில்லை, பெரும்பாலானவை அந்தந்த வயதில் எழுதி வைத்த குறிப்புகள். வேகமாக மூத்தவர்களில் அதிகம் பேர் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், சிறுவயதில் அடி, புறக்கணிப்பு, பிரிவு என்று அதிகம் பட்டவர்கள், சிறுவயதிலேயே உடல்நலம் சுமாராக இருந்தவர்கள். தாத்தா பாட்டி நீண்டகாலம் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மெதுவாக மூத்தார்கள். இவை சேர்க்கைகள், காரணத்தை நிரூபித்தவை அல்ல. ஏழை வீட்டில் பிறந்தவர்தான் அதிகம் புகைக்கிறார், புகையும் நிறைந்த வேலைக்குப் போகிறார். எது எதை இழுக்கிறது என்று முழுக்கப் பிரிக்க ஒரு நகரத்தின் ஆயிரம் பேர் போதாது. அதிலும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். இருந்தாலும் ஒரு விஷயம் உறைக்கிறது. 40 வயதில் ஜிம்மில் சேர்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் இந்தத் துறையில், கதை மூன்று வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இனி நண்பனின் 44-க்கு வருகிறேன். அது ரத்தத்தில் இருபது வருடம் அளந்து வந்த எண் இல்லை. டி.என்.ஏ. இழையின் மேல் ஆங்காங்கே ஒட்டும் மெத்தில் என்ற சின்ன வேதி அடையாளங்களைப் படித்துச் சொல்வது. 2013-ல் ஸ்டீவ் ஹோர்வாத் 353 இடங்களில் இந்த அடையாளங்களைப் பார்த்து ஒருவரின் வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார். கணிப்பின் இடைநிலைப் பிழை 3.6 வருடம். அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகத் தப்பும், பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதலாகத் தப்பும். தடயவியலுக்கு இது பெரிய சாதனை.

ஆனால் இங்கே ஒரு விசித்திரம் கவனிக்க வேண்டும். அந்தக் கடிகாரம் கற்றுக்கொண்டது நாள்காட்டி வயதைக் கணிக்கத்தான். அது நூற்றுக்கு நூறு சரியாகக் கணித்தால் என்ன ஆகும்? 52 வயதுக்காரருக்கு 52 என்று சொல்லும். அதைத் தெரிந்துகொள்ள ஆதார் அட்டை போதுமே! உடல்நலச் செய்தி முழுவதும் அது தப்புச் செய்யும் இடத்தில்தான் இருக்கிறது. பின்னால் நடந்த ஓர் ஆய்வில், இன்னும் அதிக மாதிரிகளை வைத்துக் கணிப்பைத் துல்லியமாக்க ஆக்க, அதற்கும் இறப்பு ஆபத்துக்கும் உள்ள தொடர்பு தேய்ந்துகொண்டே போனது. ஆக நண்பனுடைய எட்டு வருட வித்தியாசத்தில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு வெறும் பிழை? பிழையிலும் இரண்டு வகை. ஒரே ரத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து அளந்தபோது சில கடிகாரங்களில் விடை ஒன்பது வருடம் வரை மாறியதாக 2022-ல் ஓர் ஆய்வு காட்டியது. அளக்கும் சிப்பின் இரைச்சல் மட்டுமே அது. (அதே ஆய்வு அதைக் குறைக்கும் வழியையும் கொடுத்தது, நிறுவனங்கள் எல்லாம் அதைப் பின்பற்றுகின்றனவா என்பது வேறு கேள்வி.)

பிறகு வந்த கடிகாரங்கள் இதைவிடப் புத்திசாலித்தனமானவை. வயதைக் கணிக்காமல் இறப்பு ஆபத்தையோ, டனீடின் வேகத்தையோ கணிக்கக் கற்றவை. ஆனால் அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஆரோக்கியமான 220 பேரை வைத்து இரண்டு வருடம் உணவைக் குறைக்கும் பரிசோதனை நடந்தது. இலக்கு 25 சதவீதக் கலோரி குறைப்பு, நடைமுறையில் முடிந்தது அதில் பாதி. 2023-ல் அவர்களின் சேமித்த ரத்தத்தைப் பார்த்தபோது, டனீடின் வேகத்தைக் கணிக்கும் கடிகாரம் இரண்டு மூன்று சதவீதம் மெதுவாகியிருந்தது. மற்ற இரண்டு பிரபலமான கடிகாரங்கள் அசையவே இல்லை. இளமையானார்களா இல்லையா? எந்தக் கடிகாரத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடிகாரங்கள் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் பேர் கொண்ட இரண்டு குழுக்களை ஒப்பிட இவை நல்ல கருவி, இரைச்சல் அங்கே சராசரியில் அடங்கிவிடும். ஒரு தனி ஆளின் மாத்திரையைத் தீர்மானிக்க இவற்றைக் கொண்டுவருவதுதான் அக்கிரமம்.

மூன்றாவது வயது ஒன்று இருக்கிறது: "உங்களுக்கு எத்தனை வயசு மாதிரி தோணுது?" இதை விளையாட்டுக் கேள்வி என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். டென்மார்க்கில் கேட்டுப் பார்த்ததில், 40 தாண்டியவர்கள் சராசரியாகத் தங்கள் வயதில் 20 சதவீதம் குறைத்துச் சொல்கிறார்கள் என்று 2006-ல் வந்தது. நண்பனுக்குக் கணக்குப் போடுங்கள். 52-ல் 20 சதவீதம் போனால் 41.6. அறிக்கை 44 என்றது. நாமே நினைத்துக்கொள்ளும் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை, அழகான வரைபடத்தோடு தந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? எனக்கே 44 வந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்குமா என்று தெரியாது.

ஆனால் உணரும் வயதிலும் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் 52 வயது தாண்டிய 6,489 பேரிடம் கேட்டார்கள். சராசரி உண்மை வயது 65.8, உணர்ந்த வயது 56.8. அடுத்த எட்டு வருடச் சொச்சத்தில், இளமையாக உணர்ந்தவர்களில் 14.3 சதவீதமும், தன் வயதாகவே உணர்ந்தவர்களில் 18.5 சதவீதமும், மூத்ததாக உணர்ந்தவர்களில் 24.6 சதவீதமும் இறந்தார்கள். 'இளமையாக நினை, நீண்ட நாள் வாழ்' என்று இதிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி செய்வது ரொம்ப சுலபம். ஆனால் முழங்கால் வலிப்பவர், மூச்சு வாங்குபவர் கிழமாக உணர்வதில் என்ன அதிசயம்? அவர் உணர்ந்ததால் நோய் வரவில்லை, நோய் இருந்ததால் உணர்ந்தார். ஆய்வாளர்கள் ஏற்கெனவே உள்ள நோய்கள், நடமாட்டம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் நன்றாகவே சுருங்கியது. சுருங்கிய பிறகும் மூத்ததாக உணர்ந்தவர்களுக்கு ஆபத்து 41 சதவீதம் கூடுதலாக நின்றது. அதுவும் இதய நோய் இறப்பில் தெரிந்தது, புற்றுநோய் இறப்பில் தெரியவில்லை. வெறும் நினைப்புதான் எல்லாம் என்றால் இப்படி ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்குமா என்று யோசிக்கலாம். எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, டாக்டரின் பட்டியலில் இன்னும் ஏறாத ஏதோ ஒன்றை, படியேறும்போது வரும் களைப்பையோ தூக்கம் கெட்டதையோ, ஆள் தன்னை அறியாமலே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். தோழரிடம் சித்தப்பா ஒருமுறை கேட்டபோது, "எனக்கு அம்பத்தஞ்சுலயே எழுபது ஆயிடுச்சுப்பா" என்றாராம். அப்போது அவருக்கு எந்த நோயும் கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு வருடத்தில் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் கொட்டாவி விட்டான். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ என் வேகத்தை நான் எப்படிப் பார்க்கறது?" டனீடின் மாதிரி யாரும் அவனை இருபது வருடம் பின்தொடரவில்லை. ஆனால் அவன் அலுவலகம் வருடாவருடம் முழு உடல் பரிசோதனை செய்கிறது, அந்தத் தாள்களெல்லாம் பீரோவில் கிடக்கின்றன. உட்கார்ந்து தேடினோம். எல்லாம் கிடைக்கவில்லை, நடுவில் இரண்டு ஆய்வகம் மாறியிருக்கிறது, அதனால் சின்ன ஏற்ற இறக்கங்களை நம்ப முடியாது. கிரியேட்டினின் பத்து வருடமாக அசையவில்லை. ரத்த அழுத்தம் மெல்ல ஏறியிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை 2014-ல் 5.6, 2018-ல் 5.9, 2021-ல் 6.3, இப்போது 6.9. முதல் நான்கு வருடத்தில் 0.3 ஏறியது, கடைசி மூன்று நான்கு வருடத்தில் 0.6.

அவன் அந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "டாக்டர் சனிக்கிழமை இருப்பாரா?" என்றான்.